சென்செக்ஸ் 61 சதவீதம் இறங்கியபோது: டிராடவுன் கேள்வி பதில்

கேள்வி: 50 சதவீதம் இறங்கினால் 50 சதவீதம் ஏறினால் போதாதா சார்?

போதாது. 100 ரூபாய் 50 ஆகிவிட்டது. இனி ஏறுவதெல்லாம் அந்த 50 மேல்தான். அது 50 சதவீதம் ஏறினால் 25 ரூபாய் கூடி, 75ல் நிற்பீர்கள். விட்டதும் 50, கையில் இருப்பதும் 50, அதனால்தான் 100 சதவீதம் ஏற வேண்டும்.

கேள்வி: நான் சென்செக்ஸ் 15,000ல் இருந்தபோது நுழைந்தேன். 2009ல் 46 சதவீதம் நஷ்டம் காட்டியது. அதுதானே மேக்ஸிமம் டிராடவுன்?

அது உங்கள் நஷ்டம். டிராடவுன் என்பது உச்சத்திலிருந்து விழுந்த அளவு, அதில் வாங்கிய விலைக்கு இடமில்லை. ஒவ்வொரு நாளும், அதுவரை தொட்ட உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் கீழே இருக்கிறது என்று பாருங்கள். அதில் மிகப் பெரிய எண்தான் மேக்ஸிமம்.

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873ல் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. இறங்கியது 12,713 புள்ளி. அதை உச்சத்தால் வகுத்தால் 61 சதவீதம். திரும்ப ஏற வேண்டியதும் அதே 12,713தான், ஆனால் இப்போது 8,160ஆல் வகுக்க வேண்டும்: 156 சதவீதம். 2010 நவம்பர் 4, தீபாவளிக்கு முந்தைய நாள்தான் பழைய உச்சத்தைத் தாண்டி முடிந்தது. மாதக் கடைசி விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மார்ச் 9 அதில் காணாமல் போய்விடும்.

கேள்வி: மாதாமாதம் எஸ்ஐபியில் 10,000 போடுகிறவனுக்கு இதெல்லாம் பொருந்தாது. கீழேயும் வாங்குகிறேனே!

பாதி சரி. 100 ரூபாய் விலையில் 10,000, 50 ரூபாயில் இன்னொரு 10,000 போட்டால் 300 யூனிட், சராசரி சுமார் 67 ரூபாய். 50லிருந்து 33 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினாலே போட்ட பணம் வந்துவிடும். இது இரண்டாவது தவணைக் கதை. பத்து வருஷம் சேர்த்த 20 லட்சம் 10 லட்சமாகும்போது, அந்த மாதத்து 10,000 அதில் 1 சதவீதம்தான். பழைய யூனிட்டுகளுக்கு 100 சதவீதம் வேண்டும்.

கேள்வி (அவரே): அப்படியானால் பத்தாவது வருஷம் வெளியே எடுத்துவிடச் சொல்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. முன்பே எடுத்தால் அதற்குப் பிறகு வரும் ஏற்றமும் போகும். பணம் எந்த வருஷம் தேவை என்று தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: அந்த எஸ்ஐபி அண்ணன் சொல்வதுதான் சரி. 50 விழுந்தால் 50 ஏறட்டும், கணக்கு நேராகிவிடும்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இப்போது எந்தப் பங்கு வாங்கலாம்?

இங்கே அது வேண்டாம்.

கேள்வி: அப்பா ரிட்டயர் ஆனவர். ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுத்துதான் வீட்டுச் செலவு. அவருக்கும் இதே கணக்கா?

அவருக்கு இன்னும் கடுமை. 10 லட்சம் பாதியாகி, அந்த 5 லட்சத்திலிருந்து செலவுக்கு 1 லட்சம் எடுத்தால் மிச்சம் 4. பழைய 10க்குத் திரும்ப 150 சதவீதம் வேண்டும். சந்தை மீண்டாலும் அவர் பணம் மீளாது. இரண்டு, மூன்று வருஷச் செலவை இன்றே வங்கி டெபாசிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.