ஐபோன் சஃபாரியில் பக்கத்தின் பாதி காணாமல் போவது ஏன்?

"ஐபோனில் ஒரு தளத்தில் மட்டும் கருத்துப் பெட்டி தெரியவே இல்லை, கணினியில் தெரிகிறது. ஏன்?"

பெரும்பாலும் கன்டென்ட் பிளாக்கர் வேலைதான். விளம்பரங்களை மறைக்க நாம் நிறுவும் ஆப், எதைத் தடுக்கலாம், எதை மறைக்கலாம் என்று ஒரு விதிப் பட்டியலை சஃபாரியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. அப்புறம் பக்கம் திறக்கும்போது பட்டியலைப் பார்த்து மறைப்பது சஃபாரியே. வாசலில் நிற்கும் காவலாளியிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்த மாதிரி, ஆளை அவருக்குத் தெரியாது, பெயர் ஒத்துப்போனால் உள்ளே விடமாட்டார். 'social' என்ற பெயருள்ள பகுதிகளை மறை என்று விதி இருந்து, அந்தத் தளம் தன் கருத்துப் பெட்டிக்கு அதே பெயரை வைத்திருந்தால், பாவம், அதுவும் போய்விடும்.

சரி, அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்த, தளத்தைத் திறந்து முகவரிப் பட்டையில் உள்ள பக்க மெனுவைத் (பல பதிப்புகளில் aA) தொட்டு, Website Settings போய், Use Content Blockers என்பதை அணையுங்கள். பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். பெட்டி வந்துவிட்டால் குற்றவாளி இதுதான், வராவிட்டால் மறுபடி இயக்கிவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

இதற்காக ஆப்பையே நீக்குபவர்கள் உண்டு, தேவையில்லை: இங்கே அணைத்தாலும் மற்ற தளங்களில் அது வழக்கம்போல் வேலை செய்யும்.