கறி எத்தனை கிலோ விழும்னு வியாபாரி சொல்றத வச்சு கிடா விக்காதீங்க

"சார், ஆனேக்கல் பக்கம் கொட்டகை போட்டு தலச்சேரி கிராஸ் கிடா 14 வச்சிருக்கேன். 7 மாசம், ஒவ்வொண்ணும் 22 கிலோ இருக்கும். வியாபாரி 9 கிலோதான் கறி விழும்னு சொல்லி உருப்படி 6800-க்கு கேக்குறார். ஒரு ஆட்டுக்கு நாளைக்கு 16 ரூபா செலவாகுது. இன்னும் மூணு மாசம் வச்சு 30 கிலோ ஆக்கி வித்தா நல்லதா? பாதிக்குப் பாதி கறி வரும்ங்கறாங்களே, உண்மையா?"

தம்பி, பாதிக்குப் பாதி வராது. தீனி, தண்ணியோட நிறுத்த எடைக்கு நம்ம ஆட்டுல 43லேர்ந்து 46 சதவீதம் வந்தாலே நல்ல கிடா. ராத்திரி பட்டினி போட்டு நிறுத்தா அதே ஆடு 47, 48 காட்டும், ஏன்னா குறைஞ்சது வயித்துல இருந்த தீனியும் சாணியும்தான், கறி அப்படியேதான் இருக்கு. நானே ஒரு கிடாவ சாயங்காலம் நிறுத்தேன், 24.2 கிலோ. காலைல 22.6. கறிக்கடைல கூடவே நின்னு உரிச்சத நிறுத்தா 10.7 வந்தது. சாயங்கால எடைக்கு 44, காலை எடைக்கு 47. யாராவது டிரெஸ்ஸிங் பர்சன்டேஜ் சொன்னா எந்த எடைக்குன்னு கேளுங்க, அதச் சொல்லாத கணக்கு கணக்கே இல்ல.

இப்ப உங்க வியாபாரி கணக்குக்கு வாங்க. 22 கிலோவுக்கு 44 சதவீதம்னா 9.7 கிலோ விழணும். அவர் சொல்ற 9 கிலோவுக்கு 6800-ன்னா கிலோ கறிக்கு 755 தர்ற மாதிரி தெரியும், நிஜத்துல 700 தான் தர்றார். உயிர் எடைக்குப் போட்டா கிலோ 309. இதுல தலை, கால், ஈரல், போட்டி, தோல் எதுக்கும் தனியா விலை இல்ல, எல்லாம் அவருக்கே போகுது. கறி மதிப்பு பேசறதே உங்கள குறைக்கறதுக்குத்தான், கைய வச்சு முதுக அமுக்கிப் பாத்து முக்கால் கிலோ அடிச்சிடுவாங்க. உயிர் எடைக்கு கிலோ 350-ன்னு நில்லுங்க, 7700 வரும். வரலன்னா அடுத்த வியாபாரியக் கூப்பிடுங்க.

ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. "22 கிலோ இருக்கும்"னு எழுதியிருக்கீங்க, அப்ப நிறுக்கல. 14 கிடாவும் ஒரே மாதிரி வளராது. தொங்கு டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க, சாக்கு தொட்டில் கட்டி தூக்குங்க, காதுல நம்பர் போடுங்க. டானிக்குக்கு செலவு பண்றவங்க தராசுக்கு யோசிக்கறதப் பாத்தா எனக்கு கோவமே வரும். "30 நாள்ல 5 கிலோ ஏறும்"னு பவுடர் விக்கறான், அது நாளைக்கு 160 கிராமுக்கு மேல, நம்ம ஊர் கிராஸ் குட்டி ஒரு பவுடர் தின்னு அவ்வளவு ஏறாது. எடை ஏறலன்னா சாணிய ஹெப்பாள் கால்நடை கல்லூரிக்கோ பக்கத்து டிஸ்பென்சரிக்கோ கொண்டு போய் பூச்சி இருக்கான்னு பாருங்க.

நிறுக்கறது காலைல, தீனி தண்ணிக்கு முன்னாடி, எப்பவும் அதே நேரத்துல. வயிறு நிறைஞ்சிருந்தா ஒண்ணு ஒன்றரை கிலோ மாறும், அதனால 15 நாள் வித்தியாசத்த நம்பாதீங்க, ஒரு மாசம் விட்டு நிறுங்க. கணக்கு இதுதான்: மாசம் 480 ரூபா செலவு, கிலோ 350-ன்னா 1 கிலோ 400 கிராம் ஏறினாத்தான் செலவு மிஞ்சும். உங்க 30 கிலோ கனவுக்கு மாசம் 2.7 கிலோ ஏறணும். பொறந்ததுலேர்ந்து சராசரி போட்டா நாளைக்கு 90 கிராம் கிட்ட வரும், அதப் பாத்து ஏமாறாதீங்க, பால் குடிச்ச காலத்து வளர்ச்சியும் அதுல இருக்கு. போன மாசம் எவ்வளவுன்னுதான் பாக்கணும்.

மாசம் 2 கிலோவுக்கு மேல ஏறுறத வச்சுக்கோங்க. 1.4-க்கு கீழ இருக்கறதுக்கு பூச்சி மருந்து குடுத்து இன்னொரு மாசம் பாருங்க, அப்பவும் ஏறலன்னா வித்துடுங்க, அது 7 மாசமோ 9 மாசமோ, வயச பாக்காதீங்க. நடுவுல இருக்கறத கையில காசு தேவையப் பொறுத்து முடிவு பண்ணுங்க. பக்ரீத் வர்றப்ப ஒரு வயசு தாண்டி ரெண்டு பல் போட்டிருக்கும்னா, காயடிக்காத நல்ல உருவக் கிடா நாலஞ்சு தனியா நிறுத்துங்க, அப்ப கிலோ கணக்குல யாரும் கேக்க மாட்டாங்க, உருவத்துக்குத்தான் விலை.

விக்கற அன்னிக்கு உப்பும் தண்ணியும் ஏத்தாதீங்க. அனுபவப்பட்ட வியாபாரி வயித்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவார், அடுத்த தடவை உங்க தராசையே நம்ப மாட்டார். பூச்சி மருந்து, ஊசி போட்டிருந்தா பாட்டில்ல போட்டிருக்கற நாள் கணக்கு முடியற வரைக்கும் கறிக்கு அனுப்பாதீங்க.