திமிரா, கெஞ்சலா?

கேள்வி: கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினேன். படித்த அண்ணன் "திமிராக இருக்கிறது" என்றார். பணிவாக மாற்றினேன். இப்போது தோழி "வேலை கேட்கிறாயா, கெஞ்சுகிறாயா?" என்கிறாள். இரண்டு கடிதங்களையும் உங்கள் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம் எழுதலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள், அப்படி எழுதினால் ஒரு வரி மார்தட்டும், அடுத்த வரி கைகட்டி நிற்கும், படிப்பவர் இன்னும் குழம்புவார்.

முதல் கடிதத்தில் "நான் சேர்ந்த பிறகே கிடங்கின் கணக்கு ஒழுங்குக்கு வந்தது" என்று இருக்கிறது. இரண்டாவதில் அதுவே "கணக்கை ஒழுங்குபடுத்தியதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று தாழ்மையுடன் நம்புகிறேன்" என்று மாறியிருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இரண்டிலுமே இல்லை. ஒன்றில் உங்களுக்கு நீங்களே நிறைய மதிப்பெண் போட்டுக்கொண்டீர்கள், மற்றதில் குறைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மதிப்பெண் போடுவது கடிதம் படிப்பவரின் வேலை. அதை நீங்கள் செய்யும்போதுதான் அவருக்குத் திமிரோ கெஞ்சலோ கேட்கிறது.

நல்ல வேளையாக, இரண்டாவது கடிதத்தின் கடைசிப் பத்தியில், யாரும் கவனிக்காத இடத்தில், விஷயம் கிடக்கிறது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்க மூன்று நாள் ஆகும், தினமும் ஒரு ரேக் என்று எண்ணத் தொடங்கிய பிறகு ஒரே நாளில் முடிந்தது என்கிறீர்கள். அதை மேலே கொண்டுவாருங்கள்: "மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்க மூன்று நாள் ஆகிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு ரேக்கை எண்ணி, வித்தியாசத்தை அன்றைக்கே சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தேன். எண்ணும் வேலையைச் சக ஊழியர்கள் இருவர் செய்தார்கள், பதிவேட்டை நான் பார்த்துக்கொண்டேன். இப்போது ஒரு நாளில் முடிகிறது." இதில் பெருமையும் இல்லை, பணிவும் இல்லை. படிப்பவர் நேர்காணலில் "வித்தியாசம் வந்தால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. அந்த இருவரைச் சொன்னதால் உங்கள் பங்கு குறையவில்லை, எது உங்களுடையது என்பது தெளிவாகத்தான் ஆகிறது.

அப்புறம் சின்ன சொற்கள். "பிறகே" என்பதில் ஒட்டியிருக்கும் அந்த ஏகாரத்தைப் பாருங்கள். "பிறகு" என்றால் நடந்த வரிசை, "பிறகே" என்றால் அதற்குமுன் இருந்தவர்கள் எல்லாம் சும்மா இருந்தார்கள் என்று பொருள் வந்துவிடுகிறது. "நான்தான்", "என்னால் மட்டுமே" எல்லாம் அதே ரகம். முதல் கடிதத்தில் பதினான்கு வாக்கியங்கள், அதில் பதினொன்று "நான்" என்று தொடங்குகின்றன. தமிழில் "கொண்டுவந்தேன்" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். "பதிவேட்டை நான் பார்த்துக்கொண்டேன்" என்பதுபோல யார் செய்தது என்று பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் "நான்" இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள். அதேபோல இரண்டாவது கடிதத்தில் "ஓரளவேனும்", "ஏதோ என்னால் முடிந்த", "முயற்சி செய்தேன்" என்பவற்றை அடியுங்கள். செய்து முடித்ததை எதற்கு முயற்சி என்று எழுதுகிறீர்கள்?

தெரியாததைச் சொல்லலாமா என்றால், தாராளமாக. ஆனால் "எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன்" என்ற உங்கள் வரி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. "குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்ததில்லை" என்பது தகவல், அந்த வேலைக்கு அது தேவைப்பட்டால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முடிவில் "பிழையிருந்தால் பொறுத்தருளவும்" வேண்டவே வேண்டாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். முதல் கடிதத்தின் "உடனே அழைக்கவும்" என்பதும் வேண்டாம். "நேரில் வரத் தயாராக இருக்கிறேன், ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும்" என்று முடியுங்கள்.

திருத்தியதை அண்ணனிடமும் தோழியிடமும் மறுபடி காட்டாதீர்கள். பழைய கடிதம் அவர்கள் மனதில் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். இரண்டையுமே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மறுபடியும் திமிர், கெஞ்சல் என்று ஒரு சொல்தான் வரும். ஒரு பென்சிலைக் கொடுத்து, உறுத்துகிற வரியின் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த வரியில் நீங்கள் செய்த வேலை இருக்கிறதா, உங்களைப் பற்றிய உங்கள் கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். கருத்தாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வேலையாக இருந்தால் வரி இருக்கட்டும், அதில் ஏகாரமோ "ஓரளவு"வோ மிச்சமிருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.