100 வெள்ளி 500 ஆவது எப்படி?

"இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8 என்றால் பெருக்கி 5 என்கிறார் ஆசிரியர். 100 வெள்ளிக்கு எனக்கு 180தான் வருகிறது. எங்கே தப்பு?"

தம்பி, இரண்டாவது கையோடு நிறுத்திவிட்டீர்கள். நாட்டம் 0.8 என்றால் கைக்குக் கூடுதலாக வரும் பணத்தில் 0.8 பங்கு செலவாகிறது; அந்தச் செலவு கைமாறிக் கைமாறி மொத்த வருமானத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பதுதான் பெருக்கி. தோட்டத்துச் சாலையைச் செப்பனிட அரசாங்கம் ஒருவருக்கு 100 வெள்ளி கூலி கொடுக்கிறது, அவர் 80ஐக் கூரை மாற்றியவருக்குக் கூலியாகக் கொடுக்கிறார், கூரைக்காரர் அதில் 64ஐப் பிள்ளையின் டியூஷன் டீச்சருக்குக் கட்டுகிறார், டீச்சர் 51.20ஐச் செலவழிக்கிறார், இப்படியே தேய்ந்துகொண்டே போய் மொத்தம் 500ஐ எட்டும். சூத்திரம் 1/(1−0.8). நாட்டம் 0.5 என்றால் ஒவ்வொரு கையிலும் பாதி சேமிப்பில் தங்கிவிடும். 100, 50, 25 என்று சீக்கிரமே வற்றி 200தான் வரும்.

அப்புறம் ஒன்று, இது வரியும் இறக்குமதியும் இல்லாத கணக்கு. டீச்சர் தாய்லாந்து அரிசி மூட்டை வாங்கினால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு நாட்டைவிட்டே போய்விடும், பெருக்கி 5ஐத் தொடாது.