வரிக்கும் வரிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

என் முதல் நாவலை நானே அச்சிடுகிறேன். டெம்மி அளவு, ஏறக்குறைய 60,000 சொற்கள். பக்கம் வடிவமைக்கும் நண்பர் 10 பாயிண்டில் போட்டு 210 பக்கத்துக்குள் முடித்துவிட்டார். திரையில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சுப்படி எடுத்துக் கொடுத்தபோது அப்பா 20 பக்கம்கூடத் தாண்டவில்லை, கண் வலிக்கிறது என்று வைத்துவிட்டார். எந்த எழுத்துரு, என்ன அளவு, எவ்வளவு வரி இடைவெளி வைத்தால் சரியாக இருக்கும்?

கே.

அன்புள்ள கே.,

எழுத்தைப் பெரிதாக்கு என்றுதான் உங்களிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். நான் முதலில் வரி இடைவெளியைப் பார்க்கச் சொல்வேன். நண்பர் InDesign-இல் செய்திருந்தால், லீடிங், அதாவது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை உள்ள தூரம், அந்தப் பெட்டியில் இருக்கும் எண் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர் அதைத் தொடவே இல்லை என்று பொருள். தொடாமல் விட்டால் மென்பொருள் எழுத்தளவில் 120 விழுக்காட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் லீடிங். ஆங்கிலத்துக்கு அது ஒருவாறு போதும், தமிழுக்குப் போதாது.

காரணத்தை உங்கள் அச்சுப்படியிலேயே பார்க்கலாம். து, று, ழு, நூ போன்றவை வரிக்குக் கீழே இறங்குகின்றன. டி, கீ போன்றவற்றின் விசிறியும், மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. ஒரு வரியின் 'ழு'வுக்கு நேர் கீழே அடுத்த வரியின் 'கீ' வந்து விழும் இடங்களைத் தேடுங்கள். 12 பாயிண்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டோ, மயிரிழை விட்டோ நிற்கும். வரிகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டை ஒன்று தெளிவாக ஓடினால்தான் கண் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப முடியும். அந்தப் பட்டை உடைந்துபோனால் படித்த வரியையே மறுபடி படிப்போம். அப்பா விரல் வைத்துப் படித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். வைத்திருந்தால் குற்றம் பெரும்பாலும் லீடிங்கில்தான்.

நாவலுக்கு எழுத்தளவில் 140 விழுக்காடு என்பது என் கீழ் எல்லை. 11 பாயிண்டுக்கு 15.5 அல்லது 16 வைப்பேன்.

இனி உங்கள் புத்தகத்துக்கே கணக்குப் போடுவோம். பக்கம் 140க்கு 216 மி.மீ. முதுகுப் பக்கம் 20, வெளிப்பக்கம் 16, மேலே 18, கீழே 22 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் 104க்கு 176. ஒரு பாயிண்ட் என்பது 0.353 மி.மீ. 15.5 பாயிண்ட் லீடிங்கில் 32 வரி வரும். 11 பாயிண்டில் வரிக்கு ஆறு, ஏழு சொற்கள் பிடிக்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய 208 சொற்கள், மொத்தம் 288 பக்கம். பாரத்துக்குப் பதினாறு பக்கம் என்ற கணக்கில் சரியாகப் பதினெட்டு பாரம். உரையாடலும் அத்தியாயத் தொடக்கங்களும் மிகுந்தால் ஒரு பாரம் கூடலாம். நண்பரின் கணக்கோடு ஒப்பிட்டால் ஐந்து பாரம் காகிதம் அதிகம். செலவுதான், மறுக்கவில்லை. அதைக் குறைக்க வேண்டுமென்றால் நாவலை வெட்டுங்கள், லீடிங்கை வெட்டாதீர்கள்.

அப்படியானால் 13 பாயிண்ட் வைத்தால் இன்னும் வசதிதானே என்று தோன்றும். டெம்மியில் அது வேறு தொல்லை. நம் சொற்கள் நீளம். 'நினைத்துக்கொண்டிருந்தாள்' என்ற ஒரே சொல் பன்னிரண்டு எழுத்து. 11 பாயிண்டிலேயே வரியில் மூன்றில் ஒரு பங்கை அது தின்றுவிடும். அது வரியில் அடங்காமல் கீழே இறங்கினால், விட்டுப்போன இடம் முழுவதையும் மீதிச் சொற்களுக்கு நடுவே உள்ள நான்கைந்து இடைவெளிகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பல்லிடுக்கு மாதிரி ஓட்டை விழும். எழுத்தைப் பெரிதாக்க ஆக்க இந்த ஓட்டைகளும் பெருகும். டெம்மிக்கு 12க்கு மேல் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

11இலும் சில ஓட்டைகள் இருக்கும். அங்கே சொல்லை உடைக்கத் தயங்க வேண்டாம். ஒரே ஒரு ஒழுங்கு: அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. 'நினைத்துக்' மேலே, 'கொண்டிருந்தாள்' கீழே என்றால் கண் உறுத்தாது. 'நினைத்து' மேலே நின்று 'க்கொண்டிருந்தாள்' கீழே வந்தால் வாசிப்பு தடுக்கும்.

எழுத்துருவுக்கு வருகிறேன். பாயிண்ட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே 11 பாயிண்டில் ஒரு எழுத்துரு குண்டாகவும் இன்னொன்று சுண்டிப்போயும் தெரியும். நான் செய்வது இது: படிக்க இதமாக இருந்த நாவல் ஒன்றை எடுத்து, ஒரு பத்தியின் கடைசி வரியைத் தட்டச்சு செய்வேன். கடைசி வரி ஏனென்றால், மற்ற வரிகள் இருபுறமும் இழுத்துச் சமன் செய்யப்பட்டிருக்கும். அதை என் எழுத்துருவில் அச்சிட்டு, நீளம் ஒத்துவரும் வரை அளவை மாற்றுவேன். அந்த நாவலின் லீடிங்கையும் ஸ்கேலால் அளந்துவிடலாம். ஒரு வரியின் அடியிலிருந்து பத்து வரி தள்ளி அளந்தால் 55 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். வரிக்கு 5.5 மி.மீ., அதாவது 15.6 பாயிண்ட்.

எழுத்துருவில் இரண்டைப் பார்ப்பேன். ஒன்று, 'காரம்' என்று எழுதினால் காலும் ரகரமும் பார்த்தவுடன் பிரிந்து தெரிகிறதா? சிலவற்றில் ரகரத்தின் அடிச்சாய்வு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மற்றொன்று, ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா? தடித்த எழுத்தில் மை பரவிச் சுழி அடைந்துபோகும், மிக மெல்லியதில் கோடே காணாமல் போகும். இலவசமாகக் கிடைப்பதில் Noto Serif Tamil-ஐ முயன்று பாருங்கள். பல தடிமன்களில் கிடைக்கிறது, Regular-இல் தொடங்குங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக உள்ள எழுத்துருக்கள் திரைக்கும் தலைப்புக்கும் சரி, 288 பக்கத்துக்கு எனக்கு அலுப்பூட்டுகின்றன. மனவோட்டப் பகுதிகளைச் சாய்வெழுத்தில் போடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிய கோணல்தான்.

என் முதல் புத்தகத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். லீடிங் சரியாக வைத்தும் பக்கம் அழுக்காகத் தெரிந்தது. காகிதம் 60 ஜிஎஸ்எம், பின்பக்க எழுத்து மங்கலாக ஊடுருவியது. அதுவும் சரியாக முன்பக்க வரிகளின் இடைவெளியில். அத்தியாயங்களுக்கு நடுவே இடத்தைக் கண்டபடி விட்டதால் இரு பக்கத்து வரிகளும் நேராக விழவில்லை. விட வேண்டிய இடத்தை லீடிங்கின் மடங்காக, ஒரு வரி, இரண்டு வரி என்றே விட்டிருந்தால் பின்பக்க எழுத்து முன்பக்க எழுத்துக்குப் பின்னாலேயே மறைந்திருக்கும். நீங்கள் 70 ஜிஎஸ்எம், சற்றுப் பழுப்புச் சாயலில் கேளுங்கள், இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் அத்தியாயத்தை மட்டும் புதிய அளவில் எட்டுப் பக்கம் அச்சிடுங்கள். அச்சிடும்போது Actual size என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டர் சுருக்கிவிடும். பத்து வரி 54.7 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஓரத்தை டெம்மி அளவுக்கு வெட்டி, ராத்திரி அவர் வழக்கமாகப் படிக்கும் விளக்கடியில் அப்பாவிடம் கொடுங்கள். எதற்கென்று சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார் என்று எனக்கு எழுதுங்கள்.