“நீயே எழுதிக் குடுத்துரும்மா” என்று அண்ணாச்சி சொன்னால்

அம்மா, போன சனிக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே ஆள் காத்திருந்ததால் பாதியிலேயே எழுந்துவிட்டோம். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், இதோ. மகளிடமும் காட்டுங்கள், உங்களைவிட அவளுக்குத்தான் இது வேண்டும்.

நீங்கள் கேட்டது இதுதான். மகள் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்குப் புதுக் கவர் டிசைன் செய்து கொடுத்தாள். அண்ணாச்சிக்கு ரொம்பத் திருப்தி. “என் புரொஃபைல்ல நாலு வார்த்தை எழுதிப் போடுங்க அண்ணாச்சி” என்று இவள் கேட்டதற்கு, “எனக்கு எழுத வராதும்மா. நீயே எழுதிக் குடுத்துரு, நான் அப்படியே போட்டுருதேன்” என்று சொல்லிவிட்டார். தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவது பொய்யாகிவிடாதா என்பது உங்கள் முதல் கவலை. அவர் தர வேண்டிய 3,000 ரூபாய் பாக்கியைத் தள்ளிவிட்டால் இன்னும் நன்றாக எழுதுவாரே என்பது இரண்டாவது யோசனை.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். பணமோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவதை கூகுள் தன் விதியிலேயே தடுத்திருக்கிறது, தெரியவந்தால் தூக்கிவிடுவார்கள். அதைவிட, நாளைக்கு அண்ணாச்சி அம்பாசமுத்திரத்தில் இன்னொரு கடைக்காரரிடம் “மூவாயிரம் விட்டுக் குடுத்தா, எழுதினேன்” என்று விளையாட்டாகச் சொன்னாலே போதும், எழுதியதற்கு மதிப்பில்லை. பாக்கியைத் தனியாகக் கேட்டு வாங்கட்டும். அது கைக்கு வந்த பிறகு மதிப்புரையைப் போடச் சொல்லட்டும்.

இப்போது முதல் கவலை. அண்ணாச்சியின் பேரில் இவள் கற்பனை செய்து எழுதினால் அது பொய்தான். அண்ணாச்சி வாயால் சொன்னதைக் கேட்டு, ஒழுங்குபடுத்தி, அவரிடமே படித்துக் காட்டி, அவர் திருத்தியதை அவர் கணக்கிலிருந்து அவரே போட்டால் அது அவர் வார்த்தை. பத்திரம் எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்த்துத்தானே போடுகிறார், அது போல.

உங்கள் மகள் என்னிடம் ஏற்கெனவே எழுதிக் காட்டியது இது: “மிகவும் திறமையான, படைப்பாற்றல் மிக்க டிசைனர். சொன்ன நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். எங்கள் விற்பனை இரண்டு மடங்கானது. அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.” இதில் டிசைனர் என்ற சொல்லை எடுத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். படிக்கிறவருக்கு இவள் என்ன செய்தாள் என்று ஒன்றும் தெரியாது. விற்பனை இரண்டு மடங்கு என்பது ஆபத்தான வரியும்கூட. கவர் கடைக்குப் போனது தை மாதம். கல்யாண சீசனில் அப்பளம் எந்தக் கவரில் இருந்தாலும் போகும். அதை இவள் கணக்கில் எழுதிக்கொண்டால், விவரம் தெரிந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

அதனால்தான் அன்றைக்கு அவளை என் முன்னாலேயே அண்ணாச்சிக்குப் போன் போடச் சொன்னேன். நீங்கள் அதற்குள் வெளியே போய்விட்டீர்கள். நாலே கேள்வி. பழைய கவரில் உங்களுக்கு என்ன தொந்தரவு இருந்தது? நான் செய்ததில் எது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? புதுக் கவர் வந்த பிறகு என்ன மாறியது? என்னிடம் எது பிடிக்கவில்லை? கடைசிக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நான்தான் சைகை காட்டிக் கேட்க வைத்தேன்.

எழுத வராது என்றவர் பேசினார் பாருங்கள், பத்து நிமிஷம்! பழைய கவரில் நூறு கிராமும் இருநூறு கிராமும் பார்க்க ஒன்று போலவே இருக்குமாம். கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டியில் பையன்கள் மாற்றி ஏற்றிவிடுவார்கள், தென்காசி வரை போய்த் திரும்பி வரும். இவள் நூறுக்குச் சிவப்புப் பட்டை, இருநூறுக்குப் பச்சைப் பட்டை என்று பிரித்தாள். “இப்போ படிக்கத் தெரியாத ஆளுகூட கலரைப் பாத்து எடுக்கான்” என்றார். அந்த ஒரு வரி, நாம் உட்கார்ந்து யோசித்து எழுதும் எந்தப் பாராட்டையும்விட மேல்.

அடுத்து சிலிண்டர் விஷயம். இந்த மாதிரி பிளாஸ்டிக் கவர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செதுக்க வேண்டும், வெள்ளைக்கும் சேர்த்து. பழைய டிசைனில் ஆறு நிறம். இவள் படத்தை எடுத்துவிட்டு நாலு நிறத்தில் முடித்ததால் இரண்டு சிலிண்டர் செலவு அவருக்கு மிச்சம். நீங்கள் என்னிடம் பேசியபோது இதைச் சொல்லவே இல்லை. மகளும் சொல்லவில்லை. ஒரு தொழில் நடத்துகிறவர் அடுத்த டிசைனரைத் தேடும்போது தேடுவது இதைத்தான்: அழகாக வரைகிற பெண் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் செலவை யோசித்து வரைகிறவள் யார்?

அப்புறம் எழுத்து உடைந்த கதை. அச்சகத்திலிருந்து வந்த மாதிரியில் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ‘டை’யின் கொம்பு டகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றிருக்கிறது. அங்கே இருந்த மென்பொருள் யூனிகோட் தமிழைச் சரியாகச் சேர்க்கவில்லை. இவள் எழுத்தையெல்லாம் கோரல் டிரா மென்பொருளில் வளைகோடாக மாற்றித் திரும்ப அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த மெஷினில் திறந்தாலும் அது எழுத்து இல்லை, வரைந்த உருவம், உடைய வழியில்லை. அண்ணாச்சிக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. “ஊர் பேரே தப்பா அச்சாகப் பாத்துது, இந்தப் பிள்ளைதான் கண்டுபிடிச்சுது” என்று மட்டும் சொன்னார். மதிப்புரையிலும் அவர் சொன்ன அளவுக்குத்தான் வர வேண்டும். வளைகோடு, யூனிகோட் என்று அவர் பேரில் எழுதினால், அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தொழில்நுட்ப விவரத்தை மகள் தன் புரொஃபைலில் அந்தக் கவர் படத்துக்குக் கீழே தன் வார்த்தையில் எழுதிக்கொள்ளட்டும்.

பிடிக்காதது என்ன? முதல் மாதிரியை நாலு நாள் தாமதமாகக் கொடுத்தாளாம். இதை விட்டுவிடலாமே என்று அவள் முகம் போனது. விட வேண்டாம். முழுக்கப் புகழ்ச்சியாக இருந்தால் படிக்கிறவர் சந்தேகப்படுவார். ஒரு சின்னக் குறை கூடவே இருந்தால் மற்றதும் நிஜம் என்று நம்புவார். தவிர, “சொன்ன நேரத்தில் முடித்தார்” என்று அண்ணாச்சியைப் பொய் சொல்ல வைக்கவும் கூடாது.

இவ்வளவையும் வைத்து நாங்கள் எழுதியது:

“கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். எங்கள் பழைய கவரில் 100 கிராமும் 200 கிராமும் ஒன்று போல இருந்ததால் லைன் வண்டியில் மாற்றி ஏற்றி, சரக்கு திரும்பி வரும். இவர் இரண்டுக்கும் தனி நிறப் பட்டை கொடுத்தார். இப்போது அந்தக் குழப்பம் இல்லை. ஆறு நிறத்தில் இருந்த டிசைனை நாலு நிறத்தில் செய்ததால் இரண்டு சிலிண்டர் செலவு மிச்சமானது. அச்சு மாதிரியில் எங்கள் ஊர்ப் பேரே தப்பாக வந்ததை இவர்தான் கவனித்துத் திருத்தினார். முதல் மாதிரி நாலு நாள் தாமதமாக வந்தது, ஆனால் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அடுத்து வடாம் கவரும் இவரிடமே கொடுத்திருக்கிறோம்.”

கடைசி வரியைப் பாருங்கள். பரிந்துரைக்கிறேன் என்ற சொல்லே இல்லை. இரண்டாவது வேலை கொடுத்திருக்கிறேன் என்பது அதைவிடப் பெரிய பரிந்துரை. ஆனால் அந்த வேலை உண்மையிலேயே கைக்கு வந்திருந்தால்தான் எழுதலாம். பேச்சளவில் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கூலி எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை, அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். சிலிண்டர் மிச்சத்தை வெளியே சொல்லலாமா என்றும் அவரிடம் கேட்டாகிவிட்டது. கவரில் உள்ள உணவு உரிம எண், எடை, விலை எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று இவள் பொறுப்பேற்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அந்த விவரங்களைக் கொடுத்தது கம்பெனி, அவற்றுக்குப் பொறுப்பும் கம்பெனிதான்.

எங்கே போடுவது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல். அண்ணாச்சிக்கு லிங்க்டுஇன் கணக்கு இல்லை. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் அவர் மகனுக்கு இருக்கிறது, அவனிடம் எழுதச் சொல்லலாமா என்று மகள் கேட்டாள். கம்பெனி வேலையில் அவனுக்குக் கை இருந்தால் எழுதலாம். கவரையே பார்க்காதவன் வாடிக்கையாளராக எழுதினால் அது தப்பு. அதனால் இப்போதைக்கு கூகுள்தான் சரி. மகள் தன் பேரில் ஒரு பிசினஸ் புரொஃபைல் தொடங்கட்டும். வீட்டு முகவரியைக் காட்டாமல், வேலை செய்து கொடுக்கும் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு, உங்கள் பயத்துக்கு அது போதும். அண்ணாச்சி தன் ஜிமெயிலில் இருந்து, தன் போனில் போட வேண்டும். இவளே அவர் போனை வாங்கித் தட்டிக் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவரே நகலெடுத்து ஒட்டிவிடுவார். கூடவே சிவப்பு, பச்சை இரண்டு கவரையும் கடை மேஜையில் வைத்து ஒரு படம் எடுத்துச் சேர்த்தால், எழுத்தைப் படிக்காதவருக்கும் விஷயம் புரியும்.

லிங்க்டுஇன் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பிறகு வந்தால், அங்கே முதலில் இருவரும் தொடர்பில் சேர்ந்திருக்க வேண்டும். மகள் தன் புரொஃபைலில் Recommendations பகுதிக்குப் போய் Ask for a recommendation கொடுக்க வேண்டும். அப்போது அவர் உனக்கு என்ன உறவு, நீ எந்த வேலையில் இருந்தபோது என்று கேட்கும். அவள் Experience பகுதியில் இப்போது எதுவுமே இல்லை, கல்லூரி மட்டும்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் பாராட்டு கல்லூரிப் படிப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தால் வேடிக்கையாக இருக்கும். ஃப்ரீலான்ஸ் டிசைனர், இந்த மாதத்திலிருந்து என்று ஒரு வரி முதலில் சேர்க்கட்டும். அக்கம்பக்கத்தார் “எங்க வேலை பாக்கா?” என்று கேட்பதாகச் சொன்னீர்களே, அதற்கும் அந்த வரியே பதில்.

தமிழா ஆங்கிலமா? அண்ணாச்சி பேசுவது தமிழ், அதனால் மதிப்புரை தமிழ்தான். வெளியூர் ஆட்களுக்காக மகள் தன் புரொஃபைலில் அதன் ஆங்கில வடிவத்தைத் தனியாக, மொழிபெயர்ப்பு என்று சொல்லியே போட்டுக்கொள்ளலாம்.

ஒருவேளை அண்ணாச்சி இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒட்ட மறந்து, “சூப்பர்” என்று ஒரே வார்த்தை போட்டுவிட்டுப் போய்விட்டால் பதற வேண்டாம். அழிக்கச் சொல்லவும் வேண்டாம். கூகுளில் தான் போட்டதை அவரே எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வடாம் கவர் மாதிரியைக் காட்டக் கல்லிடைக்குறிச்சி போகும்போது நேரில் ஒரு வார்த்தை நினைவுபடுத்தினால் போதும். பாக்கி 3,000 ரூபாய்க்கு ரசீதும் அன்றைக்கே எடுத்துப் போகட்டும்.