ராத்திரியில் துடிக்கும் பேஸ் ரிலே: லோ வோல்டேஜா, அன்பேலன்ஸா?

கேள்வி: 7.5 எச்.பி. மோட்டார் பகலில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி ஆனால் பேஸ் ரிலே டக் டக்கென்று அடித்து, மோட்டார் நின்று நின்று ஓடுகிறது. அன்பேலன்ஸ் திருகைக் கூட்டி வைக்கலாமா அய்யா?

பதில்: இப்போதைக்கு அந்தத் திருகைத் தொடாதீர்கள். சத்தம் ஒன்றுதான், காரணம் இரண்டாக இருக்கலாம்.

ரிலே அடிக்கும் நேரத்தில், பழகிய எலக்ட்ரீஷியனை வைத்து ரிலேயின் உள்வரும் முனைகளில் மூன்று பேஸ் ஜோடிகளின் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். மோட்டார் நின்றிருக்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. நின்றபோது 374, 371, 369 என்றும், ஓடும்போது 349, 346, 343 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போது சராசரி 346. அதிலிருந்து அதிகம் விலகியது 3 வோல்ட், அதாவது 1 சதவீதம்கூட இல்லை. பேஸ்கள் சமமாகத்தான் இருக்கின்றன, மொத்தமாக வோல்டேஜ் இறங்கிவிட்டது.

இங்கே மோட்டாரின் சுமையே 25 வோல்ட்டை இழுக்கிறது. ரிலே 350 வோல்ட்டில் விழுந்து மோட்டாரை நிறுத்தி, 360-இல் மறுபடி சேர்ந்து ஓடவிடுகிறது என்றால், மோட்டார் நின்றதும் 371 தெரியும். உடனே சேரும், மறுபடி 346, மறுபடி விழும். ஆக, விழும் அளவுக்கும் சேரும் அளவுக்கும் உள்ள இடைவெளி, மோட்டார் இழுக்கும் அந்த 25 வோல்ட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். 350-இல் விழுந்து 380-இல் சேரட்டும். லைன் உண்மையிலேயே தேறிய பிறகுதான் மோட்டார் எடுக்கும். உங்கள் ரிலேயில் இடைவெளியை மாற்ற வசதி இல்லையென்றால் ஆன் டிலே டைமரை 3 முதல் 5 நிமிடத்துக்கு வையுங்கள். துடிப்பு நிற்காது, ஆனால் மெதுவாகும். கான்டாக்டர் முனைகள் கருகாமல் தப்பிக்கும். 350-ஐக் குறைத்து எப்படியாவது ஓட்டப் பார்க்காதீர்கள். 415-க்குச் செய்த மோட்டாரில் 346 வந்தால் முறுக்குவிசை 70 சதவீதத்துக்கு இறங்கும், ஆம்பியர் ஏறும், வைண்டிங் சூடாகும்.

மோட்டார் நின்றிருக்கும்போதே 398, 371, 368 என்று வந்தால் கதை வேறு. சராசரி 379, விலகல் 19, அதாவது 5 சதவீதம். இது அன்பேலன்ஸ். குறைந்த இரண்டு ஜோடியிலும் பொதுவாக இருக்கும் பேஸைப் பாருங்கள், அதில்தான் கோளாறு. ராத்திரியில் ஒற்றை பேஸ் சுமை அதிகம் ஏறியிருக்கும், அல்லது ஃபியூஸ் பிடிப்பு தளர்ந்திருக்கும். வோல்டேஜில் 5 சதவீத வித்தியாசம், மோட்டாரின் ஆம்பியரில் 30 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசமாகத் தெரியும். திருகைக் கூட்டினால் ரிலே அமைதியாகிவிடும், அந்தச் சூட்டை மோட்டார் தாங்க வேண்டியிருக்கும். அதனால் இந்த நிலைமையில் மோட்டாரை நிறுத்திவைத்து லைனைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ரிலேயின் விளக்கு அசையாமல் எரிய, கான்டாக்டர் மட்டும் துடித்தால் ரிலேமேல் தப்பில்லை. காயிலுக்கு வரும் வோல்டேஜையும் அதன் வயர் முனைகளையும் பாருங்கள்.